வயசா, மாத்திரையா? முதியவர்களின் மருந்துகளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மா தினமும் பத்து மாத்திரை போடுகிறார். இது அதிகம்தானே?

எண்ணிக்கையை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளைத் தொடர்ந்து எடுப்பதைப் பன்மருந்துப் பயன்பாடு என்று சொல்வது மருத்துவத்தில் வழக்கம். ஆனால் மாரடைப்பு வந்து, சுகரும் பிரஷரும் இருக்கிற ஒருவருக்கு ஏழு மாத்திரைகள் நியாயமாகவே தேவைப்படலாம். மூன்றே மாத்திரை எடுப்பவருக்கு அதில் ஒன்று வேண்டாததாக இருக்கலாம்.

முதியவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற நான் எண்ணுவதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்பேன். ஒவ்வொரு மாத்திரையும் எதற்காக, எப்போது ஆரம்பித்தது? அந்தக் காரணம் இன்றும் இருக்கிறதா? பத்து மாத்திரைப் பட்டியலில் இரண்டு மூன்றுக்காவது வீட்டில் யாருக்கும் பதில் தெரிவதில்லை. பதில் தெரியாத அந்த மாத்திரைகளில் ஒரு வகை எனக்கு மிகவும் கவலை தருவது: வேறொரு மாத்திரையின் பக்கவிளைவை நோய் என்று எண்ணிக் கொடுத்த மாத்திரை. இந்தப் பக்கம் பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

ஒரு மாத்திரையால் வந்த தொந்தரவுக்கு இன்னொரு மாத்திரை கொடுப்பார்களா என்ன?

தெரிந்து கொடுப்பது குறைவு. தெரியாமல் நடப்பது நிறைய. 1990-களில் பவுலா ரோச்சன், ஜெரி குர்விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் இதற்கு 'பிரிஸ்கிரைபிங் கேஸ்கேட்' என்று பெயர் வைத்தார்கள். மருந்துச் சங்கிலி என்று வைத்துக்கொள்ளலாம். முதல் மருந்து ஒரு தொந்தரவைத் தருகிறது. அது புதிய நோய் போலத் தெரிகிறது. அதற்கு இரண்டாவது மருந்து வருகிறது. அது மூன்றாவதுக்கு வழி விடுகிறது.

ஒருவர் விஷயத்தில் இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

76 வயது அம்மா. மகள் அழைத்து வந்தார். "ஆறு மாசமா மறதி ஜாஸ்தி ஆயிடுச்சு டாக்டர். நடையும் போச்சு. வயசுதான்னு எல்லாரும் சொல்றாங்க. மறதி மாத்திரை ஆரம்பிக்கலாமான்னு உங்ககிட்ட கேட்கத்தான் வந்தோம்" என்றார். அந்த அம்மா அறைக்குள் வரும்போதே செருப்பு தரையில் தேய்கிற சத்தம் கேட்டது. பேசும்போது உதடுகள் ஒட்டி ஒட்டிப் பிரிந்தன. இது எந்த மாதம் என்று கேட்டேன். மகளைத் திரும்பிப் பார்த்தார்.

பையில் எட்டு மாத்திரையும் ஒரு சிரப்பும் இருந்தன. பழைய சீட்டுகளையும் கொண்டுவந்திருந்தார்கள், அது பெரிய உதவி. ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் மாத்திரை ஆரம்பித்த தேதியையும் வலப்பக்கம் தொந்தரவு ஆரம்பித்த தேதியையும் எழுதினேன்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் பிரஷருக்கான அம்லோடிபின் 5 மி.கி.யிலிருந்து 10 மி.கி. ஆகியிருந்தது. ஆறு வாரத்தில் இரண்டு கணுக்காலிலும் வீக்கம். அதற்கு ஃபுரோசிமைட் 40 மி.கி., அதாவது நீர் மாத்திரை. அடுத்த மாதமே இரவில் நான்கு முறை எழுந்து போக வேண்டியதாயிற்று. கழிவறைக்குப் போய்ச் சேர்வதற்குள் அடக்க முடியவில்லை. அதற்கு வேறோர் இடத்தில் ஆக்ஸிபியூட்டினின் 5 மி.கி. இரண்டு வேளை. வாய் வறண்டது, மலச்சிக்கல் வந்தது, அதற்கு லாக்டுலோஸ் சிரப். இதற்கிடையில் எழுந்து நின்றால் கிறுகிறுப்பு. அதற்கு சின்னாரிசின். சின்னாரிசின் ஆரம்பித்து மூன்று மாதத்தில் நடை தளர்ந்தது, கை லேசாக நடுங்கியது. ஆக்ஸிபியூட்டினின் ஆரம்பித்த சில வாரங்களில் மறதி. இனி மறதிக்கு டோனெபெசில் ஆரம்பிப்பதுதான் பாக்கி. அது சிறுநீரை அடக்க முடியாத தொந்தரவை மேலும் கூட்டக்கூடிய மருந்து. ஆக்ஸிபியூட்டினின் மூளையில் எந்த வேதிப்பொருளைத் தடுக்கிறதோ, டோனெபெசில் அதையே கூட்ட முயல்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது கயிற்றின் இரண்டு முனையையும் நாமே பிடித்து இழுப்பது போல.

அந்தத் தாளை மகளிடம் காட்டியபோது கொஞ்ச நேரம் அவர் எதுவும் பேசவில்லை. பிறகு, "அப்ப இது எல்லாம் அந்த ஒரு பிரஷர் மாத்திரையைக் கூட்டினதுல ஆரம்பிச்சதா?" என்று கேட்டார். ஆம், அங்கேதான். இதில் யாரும் பொறுப்பில்லாமல் நடந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு சீட்டும் அன்றைக்கு எதிரே இருந்த தொந்தரவுக்குச் சரியாகத்தான் இருந்தது. சீட்டுகளை வரிசையாக வைத்துப் பார்க்க மட்டும் ஆள் இல்லை.

கால் வீங்கினால் நீர் மாத்திரை கொடுப்பது சரிதானே? அதில் என்ன தப்பு?

வீக்கம் எதனால் என்பதைப் பொறுத்தது. இதயம் பலவீனமாகி உடலில் நீர் தேங்கினால் நீர் மாத்திரை உயிர் காக்கும். அம்லோடிபினால் வரும் வீக்கம் வேறு. அந்த மருந்து ரத்தம் வந்து சேரும் சிறு குழாய்களை விரிக்கிறது. ரத்தம் திரும்பிப் போகும் குழாய்களை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. உள்ளே வரும் வழி அகலம், வெளியே போகும் வழி குறுகல். நடுவில் அழுத்தம் கூடி நீர் கசிந்து கணுக்காலில் இறங்குகிறது. உடலில் மொத்த நீர் கூடவே இல்லை. அதனால் நீர் மாத்திரை அந்த வீக்கத்தைப் பெரிதாகக் குறைக்காது. உடலை வறளச் செய்து, எழுந்து நிற்கும்போது பிரஷரைத்தான் இறக்கும்.

அடையாளம் சொல்ல வேண்டுமானால்: மருந்து ஆரம்பித்த அல்லது கூட்டிய சில வாரங்களில், இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒரே அளவில், காலையில் குறைந்தும் மாலையில் கூடியும் வரும் வீக்கம். மூச்சு வாங்குவதில்லை, தட்டையாகப் படுத்தால் திணறுவதில்லை. 10 மி.கி. எடுப்பவர்களில் இது 5 மி.கி.யைவிட அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ மருந்தின்மேல் பழி போட்டுவிட்டு இருக்கக் கூடாது; அன்றே காட்ட வேண்டும்.

அந்த அம்மாவுக்கு எல்லா மாத்திரையையும் உடனே நிறுத்திவிட்டீர்களா?

இல்லை. ஒரே நாளில் நான்கை நிறுத்தினால், எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது. ஒன்றைத் தொட்டால் இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்பது என் வழக்கம்.

முதலில் சில சோதனைகள். படுத்திருக்கும்போது பிரஷர் 138/80. எழுந்து நின்று மூன்றாவது நிமிடம் 112/70. மேல் எண் 26 இறங்கியிருக்கிறது. கிறுகிறுப்புக்குக் காரணம் காதில் இல்லை, இங்கேதான். எக்கோவில் இதயம் நன்றாக இருந்தது. சிறுநீரில் புரதம் இல்லை, ரத்தத்தில் அல்புமின் சரியாக இருந்தது. ஆக, நீர் மாத்திரைக்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

முதலில் சின்னாரிசினை நிறுத்தினோம். காது சம்பந்தமான தலைசுற்றலுக்கு உரிய மருந்து அது. இங்கே அதற்கு வேலையே இல்லை. மூளையில் டோபமைன் செயல்படுவதை அது தடுப்பதால் பார்க்கின்சன் நோய் போன்ற நடையும் நடுக்கமும் வரலாம். இரண்டு வாரம் கழித்து அம்லோடிபினை 5 மி.கி.க்கு இறக்கினோம். வீக்கம் வற்றியது. பிறகு ஃபுரோசிமைட்டைப் பாதியாக்கி, வீக்கம் திரும்பவில்லை என்று உறுதியான பிறகு நிறுத்தினோம். எடையைத் தினமும் காலையில் பார்க்கச் சொல்லியிருந்தேன். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் எனக்குச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. ஏறவில்லை. இரவில் எழுவது ஒரு முறையாகக் குறைந்தது. அதன் பிறகுதான் ஆக்ஸிபியூட்டினினை ஒரு வேளையாக்கி, பிறகு விட்டோம். மலம் தானாகவே இளகியதால் சிரப்பும் போனது.

எல்லாம் சுலபமாக முடியவில்லை. நீர் மாத்திரையை நிறுத்தியதும் உட்கார்ந்த நிலையில் பிரஷர் 150-ஐத் தாண்டத் தொடங்கியது. லோசார்டன் 25 மி.கி. சேர்த்தேன். குறைக்கிற வேளையில் ஒன்றைச் சேர்ப்பதா என்று மகள் தயங்கினார். நியாயமான தயக்கம். ஆனால் பிரஷரை அப்படியே விட்டால் பக்கவாதத்தின் ஆபத்து உண்மையானது. இரண்டு வாரத்தில் ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் பார்த்தோம், சரியாக இருந்தன.

ஆக்ஸிபியூட்டினினை முழுதாக விட்ட மூன்றாவது வாரம் வந்தபோது மாதத்தையும் தேதியையும் யோசிக்காமல் சொன்னார். நடை சீராக நான்கு மாதம் பிடித்தது. பெயர்கள் மட்டும் இன்னும் சட்டென நினைவுக்கு வருவதில்லை. அது மருந்தால் வந்ததல்ல என்றே நினைக்கிறேன். வருடம் ஒருமுறை நினைவாற்றலைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம். மருந்தை விலக்கினால் எல்லாமே சரியாகிவிடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

வயசால் வருவதையும் மாத்திரையால் வருவதையும் வீட்டில் இருக்கிற நாங்கள் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

வேகத்தைப் பாருங்கள். வயது வருடக் கணக்கில் வேலை செய்கிறது. மருந்து நாள், வாரக் கணக்கில். "தீபாவளி வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க" என்பதுபோல ஒரு நாளைக் குறிப்பிட்டுச் சொல்ல முடிகிறதென்றால் எனக்கு மருந்தின்மேல் சந்தேகம் வந்துவிடும். அடுத்து, அந்த நாளுக்கு முந்தைய மூன்று மாதத்தில் எது ஆரம்பித்தது, எதன் அளவு கூடியது, எது நின்றது, மாத்திரையின் பெயர் மாறியதா என்று பாருங்கள். நான் எழுதிய மாதிரி நடுவில் கோடு போட்ட தாள் ஒன்று போதும்.

இன்னொரு குறிப்பு, ஏற்ற இறக்கம். அல்சைமர் மறதி நேற்றும் இன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். மருந்துக் குழப்பம் மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் கூடி, அடுத்த வேளைக்கு முன்னால் கொஞ்சம் தெளியலாம். காலையில் மந்தம், மாலையில் தெளிவு என்றால் இரவில் போட்ட மாத்திரையைப் பாருங்கள். ஆனால் இதை முழுதாக நம்ப முடியாது. தொற்று, சோடியம் குறைவு, லூயி பாடி வகை மறதி நோய் ஆகியவற்றிலும் இதே ஏற்ற இறக்கம் உண்டு. அதனால்தான் புதிதாக வந்த குழப்பத்துக்கு மருந்துப் பட்டியலோடு ரத்தப் பரிசோதனையும் சேர்ந்தே வேண்டும்.

எனக்கு ஒரு விதி உண்டு, மாணவர்களுக்கும் அதையே சொல்கிறேன்: முதியவருக்கு வரும் எந்தப் புதிய தொந்தரவையும், வேறு காரணம் நிரூபணமாகும் வரை, மருந்தால் வந்ததாக இருக்கலாம் என்று வைத்தே தொடங்கு.

பத்து வருஷமாக அதே மாத்திரை, அதே அளவு. திடீரென்று எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்?

மாத்திரை மாறவில்லை, உடல் மாறிவிட்டது. பெரும்பாலான மருந்துகளைக் கழித்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பங்கு உண்டு, அதன் வேகம் வயதோடு குறைகிறது. இதில் ஒரு பொறி இருக்கிறது. ரத்தப் பரிசோதனைத் தாளில் கிரியேட்டினின் 1.0 என்று இருந்தால் நார்மல் என்று அச்சாகியிருக்கும். ஆனால் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை வற்றிய முதியவருக்கு அது குறைவாகவே உற்பத்தியாகும். சிறுநீரகம் சுணங்கினாலும் எண் ஏறாது.

சிறுநீரகம் கழிக்கும் வேகத்தைக் கணக்கிடும் காக்ராஃப்ட்–கால்ட் என்ற பழைய சூத்திரம் இதைக் கண்ணுக்குக் காட்டும். 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72-ஐக் கிரியேட்டினினால் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். 40 வயது, 60 கிலோ, கிரியேட்டினின் 1.0 உள்ள பெண்ணுக்கு நிமிடத்துக்குச் சுமார் 71 மி.லி. வரும். அதே 1.0 உள்ள 80 வயது, 48 கிலோ பெண்ணுக்கு 34 மி.லி. தாளில் இருவருக்கும் ஒரே எண். உள்ளே பாதி வேகம். நரம்பு வலிக்குக் கொடுக்கும் கபாபென்டின், பிரிகாபாலின் போன்றவை இவருக்குத் தேங்கி, நாள் முழுக்கத் தூக்கக் கலக்கமாகத் தெரியும். சுகருக்கான கிளிபென்கிளமைட் தேங்கினால் சர்க்கரை விடிகாலையில் இறங்கிவிடும். வீட்டில் அது "காலையில எழுந்தா ஒரு மாதிரி பேசறாரு" என்றுதான் தெரியும்.

இரண்டாவது காரணம் கொழுப்பு. வயதாக ஆகத் தசை குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. டயசிபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள் கொழுப்பில் போய்த் தங்கி மெதுவாக வெளிவரும். இளைஞருக்கு மறுநாள் தீர்ந்துவிடும் கலக்கம் முதியவருக்கு நாள் கணக்கில் நீளும். அதற்குள் அடுத்த மாத்திரையும் உள்ளே போயிருக்கும்.

மறதியைக் கூட்டும் மாத்திரைகள் எவை? பெயர் சொன்னால் பார்த்துக்கொள்வோம்.

முக்கியமான கூட்டம் ஒன்றைச் சொல்கிறேன். நினைவுக்கும் கவனத்துக்கும் மூளை பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருளைத் தடுக்கும் மருந்துகள். சிறுநீர் அவசரத்துக்கு ஆக்ஸிபியூட்டினின், வலிக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், சளி, அரிப்புக்கு குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின், ஹைட்ராக்ஸிசின், நடுக்கத்துக்கு டிரைஹெக்ஸிபெனிடில். ஒவ்வொன்றும் வேறு நோய்க்கு, வேறு டாக்டர் கொடுப்பது. ஆனால் மூளையில் எல்லாச் சுமையும் ஒரே இடத்தில் சேர்கிறது. ஒன்றைத் தாங்குகிறவர் இரண்டாவதில் குழம்பிப்போகலாம்.

இவற்றைக் கண்டுபிடிக்க உடம்பே துப்புக் கொடுக்கும். மறதியோடு வாய் வறட்சி, மலச்சிக்கல், கண் மங்கல், சிறுநீர் கழிக்கச் சிரமம் என்று இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் இந்தக் கூட்டத்தைத் தேடுங்கள். வெறும் சளி மாத்திரைதானே என்று பட்டியலில் எழுதாமல் விடுகிறார்கள். குற்றவாளி பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது, ஆல்பிரசோலம், லோரசிபாம், குளோனசிபாம், சோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரைகள். இவை மறதியோடு விழுதலையும் கூட்டும். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டியவற்றை 1991-ல் மார்க் பீர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் முதன்முதலாகத் தொகுத்தார். இன்றும் புதுப்பிக்கப்பட்டு வரும் 'பீர்ஸ் பட்டியல்' அதுதான். அதில் இருக்கிறதென்றால் உடனே விஷம் என்று பொருளல்ல. இந்த ஆளுக்கு இது கட்டாயம் வேண்டுமா என்று ஒருமுறை கேட்க வேண்டும் என்று பொருள்.

நின்றால் பிரஷர் இறங்குகிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை எடுங்கள். எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்று நிமிடத்தில் ஒருமுறை. மேல் எண் 20-ஓ கீழ் எண் 10-ஓ அதற்கு மேலோ இறங்கினால் எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். பக்கத்தில் ஒருவர் தாங்கிப் பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும். கண் இருட்டினால் அளப்பதை விட்டுவிட்டு உட்கார வையுங்கள். காலை மாத்திரை போட்டு ஓரிரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். புரோஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் எடுக்கும் ஆண்களுக்கும் இதைச் செய்து பாருங்கள். அது பிரஷர் மாத்திரை இல்லையே என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

சந்தேகப்படுகிற மாத்திரையை நாங்களே ஒரு வாரம் நிறுத்திப் பார்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். சிலவற்றைச் சட்டென நிறுத்தினால் நோயைவிட அது பெரிய ஆபத்தாகிவிடும். பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் மெட்டோப்ரோலால், அட்டெனலால் போன்றவற்றை நிறுத்தினால் நெஞ்சு வலியும் மாரடைப்பும்கூட வரலாம். குளோனிடின் நின்றால் பிரஷர் எகிறும். தினமும் எடுத்த தூக்க மாத்திரை நின்றால் வலிப்பு வரலாம். நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டு நின்றால் உடல் சரிந்துவிடும். வலிப்பு மாத்திரையும் பார்க்கின்சனுக்கான லெவோடோபாவும் அப்படியே.

தூக்க மாத்திரையைக் குறைப்பது பொறுமை வேண்டிய வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால்வாசி அளவு குறைத்து, கடைசிக் கட்டத்தில் இன்னும் சிறிதாக வெட்டி, தேவைப்பட்டால் ஒரு படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். பல வருடம் எடுத்தவருக்கு மாதக் கணக்கில் ஆகும்.

டாக்டர் சொல்லி நிறுத்தியதும் பழைய தொந்தரவு திரும்பிவிட்டதே! அப்போது அந்த மாத்திரை தேவைதானே?

முதல் சில வாரங்களில் வந்தால் அவசரப்பட வேண்டாம். மேலே சொன்ன அம்மாவுக்கே இது நடந்தது. மூட்டு வலிக்கு எடுத்த டைக்ளோஃபெனாக் வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க பான்டோப்ரசால் ஆரம்பித்திருந்தார்கள். வலி மாத்திரை நின்று இரண்டு வருடமாகியும் வயிற்று மாத்திரை ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்திய நான்காம் நாள் நெஞ்செரிச்சல். "இது இல்லாம முடியாது போலிருக்கே டாக்டர்" என்றார் அவர். அந்த மாத்திரை அமிலத்தை அடக்கி வைத்திருந்த காலத்தில் உடல் அமிலச் சுரப்புக்கான தூண்டுதலைக் கூட்டி வைத்திருக்கும். அணையைத் திறந்ததும் கொஞ்ச நாள் அதிகமாகத்தான் பாயும். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்து, எரிச்சல் வந்த நாளில் மட்டும் சாதாரண அமில நீக்கி கொடுத்தோம். ஐந்து வாரத்தில் அடங்கியது. அதோடு ஒன்பது மருந்து ஐந்தாயிற்று: அம்லோடிபின் 5 மி.கி., லோசார்டன், மெட்ஃபார்மின், அட்டோர்வாஸ்டாடின், கால்சியம். மெட்ஃபார்மினோடு பான்டோப்ரசாலையும் பல வருடம் எடுத்ததால் பி12 அளவையும் பார்த்தோம். இரண்டுமே அதைக் குறைக்கக்கூடியவை.

ஆனால் வயிற்றில் ரத்தக்கசிவு வந்தவருக்கும், ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோ எடுக்கும் முதியவருக்கும் இதே பான்டோப்ரசால் காவல். அவர்கள் இதைப் படித்துவிட்டு அதை நிறுத்தக் கூடாது.

டாக்டரிடம் போய் "மாத்திரையைக் குறையுங்கள்" என்றால் கோபப்படமாட்டாரா?

"குறையுங்கள்" என்பதைவிட "இந்தத் தொந்தரவு இந்த மாத்திரையால் இருக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். தேதியோடு கேட்டால் எந்த டாக்டரும் யோசிப்பார். அட்டைகளையும் பாட்டில்களையும் பட்டியலாக எழுதாமல் அப்படியே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். எழுதும்போது ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருப்பது தெரியாது. பையைக் கொட்டினால் தெரிந்துவிடும். கண் சொட்டு, வலித் தைலம், சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரை, மூலிகைச் சூரணம் எல்லாமே பையில் இருக்க வேண்டும். கண் அழுத்தத்துக்கான டிமோலால் சொட்டு ரத்தத்தில் கலந்து நாடித் துடிப்பைக் குறைக்கும். அதிமதுரத்தைத் தொடர்ந்து எடுத்தால் பிரஷர் ஏறிப் பொட்டாசியம் இறங்கும். உண்மையில் எதை விழுங்குகிறார், எதை மறைத்து வைக்கிறார் என்பதையும் சொல்லிவிடுங்கள். போடாத மாத்திரை வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டி, மருத்துவமனையில் நர்ஸ் முழு அளவையும் கொடுத்தபோது பிரஷர் படுத்துவிட்ட கதைகளைப் பார்த்திருக்கிறேன்.

வேறு வேறு டாக்டர்கள் பார்க்கிறார்கள் என்றால், மொத்தப் பட்டியலுக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும் நாள் இதற்கு மிக முக்கியம். அங்கே நான்கு நாளைக்கு மட்டும் ஆரம்பித்த மாத்திரை நான்கு வருடம் ஓடுவது அன்றுதான் தொடங்குகிறது. "இதை எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும்?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டு அட்டையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

எப்போது மறு பரிசீலனைக்குக் காத்திருக்காமல் உடனே போக வேண்டும்?

எழுப்பினால் எழாத மயக்கம். ஓரிரு நாளில் திடீரென வந்த குழப்பம். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு வியர்வை, நடுக்கம், உளறல் (சர்க்கரையைப் பார்த்து, 70-க்குக் கீழே இருந்து விழுங்க முடிந்தால் உடனே இனிப்பாக ஏதாவது கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்). தார் போலக் கறுத்த மலம். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எடுப்பவர் தலையில் அடிபட விழுந்தது, வெளியே காயமே இல்லாவிட்டாலும். வாந்தி, வயிற்றுப்போக்கு பிடித்த நாளிலும் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். உடல் வறண்ட நிலையில் நீர் மாத்திரையும் லோசார்டன் வகையும் மெட்ஃபார்மினும் வழக்கம்போல உள்ளே போனால் சிறுநீரகம் அடிபடலாம்; எதை எத்தனை நாள் விட வேண்டும் என்று அவர் சொல்வார். சேர்த்து வலி மாத்திரையும் போட்டிருந்தால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.